பன்னிரண்டு நரம்புகளுக்குத் தோட்டப் பாதையா, லயத்து வீடா?

மூளையிலிருந்து கிளம்பும் கபால நரம்புகள் பற்றிய விரிவுரையை மனத்தில் நிறுத்த, அதைக் கதையாக்க இரண்டு வழிகளை முயன்றேன். ஒன்று, தோட்டத்து வாசலிலிருந்து கோயில் வரை வரிசையாகப் பன்னிரண்டு நிறுத்தங்கள். மற்றது, எங்கள் லயத்து வீடு. அதில் அறைக்கு ஒரு வேலை.

பாதையில் எண் தவறுவதில்லை. மூன்றாவது நிறுத்தம் மளிகைக்கடை. அதன் இரும்புக் கதவைப்போல மூன்றாம் நரம்பு மேலிமையைத் தூக்குகிறது. பழுதானால் கதவு இறங்கிவிடும், கண்மணி விரியலாம், கண் கீழும் வெளியுமாக விலகும். நான்காவது, செம்பனைக்கு நடுவே பழைய கிணறு. இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. நான்காம் நரம்பின் பெயரில் உள்ள ட்ரோக்ளியா என்றாலே கப்பி. அது இயக்கும் கண் தசையான மேற்சாய்வுத் தசையின் நாண் உண்மையிலேயே ஒரு கப்பி வழியாக ஓடுகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கண் மூக்குப் பக்கமாகக் கீழே இறங்கும். அதனால்தான் இந்த நரம்பு பழுதானவருக்குப் படியிறங்கும்போது எல்லாம் இரண்டாகத் தெரிகிறது.

ஆனால் பாதை இணைப்புகளைக் காட்டாது. கருவிழியைப் பஞ்சால் தொட்டால் உணர்வது ஐந்தாவது, இமையை மூடுவது ஏழாவது. பாதையில் இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. வீட்டிலோ ஒரே சன்னலில் பஞ்சைப் பிடித்த அக்காவும் கதவைச் சாத்தும் அம்மாவும் இருக்கிறார்கள்.

வீட்டின் குறை, எண் கலைவது. விழுங்கும் வேலைக்காக ஒன்பதையும் பத்தையும் அடுக்களையில் வைத்தேன், தேர்வில் இடம் மாற்றி எழுதிவிட்டேன். இப்போது முதலில் பாதையைத்தான் நடக்கிறேன். அனிச்சைச் செயல்களுக்கு மட்டும் வீட்டுக்குள் நுழைகிறேன்.