கொள்முதல் வரியை பட்ஜெட்டில் எங்கே வைப்பது: வரியோடு, வரியில்லாமல், பிரித்து

ஆண்டு பட்ஜெட் போடும்போது கொள்முதல் பக்கத்தில் ஜிஎஸ்டியை மூன்று விதமாகக் காட்டுகிறார்கள். சிலர் பில்லின் மொத்தத் தொகையை அப்படியே செலவாகப் போடுகிறார்கள். சிலர் "வரிதான் திரும்பக் கிடைத்துவிடுமே" என்று அடிப்படை விலையை மட்டும் போடுகிறார்கள். மூன்றாவது வழியில் வரியையே இரண்டாகப் பிரிக்கிறார்கள்: திரும்பக் கிடைக்காத பகுதி பொருளின் விலையோடு சேரும், திரும்பக் கிடைக்கும் பகுதி செலவில் வராமல் பண ஓட்டத் தாளுக்குப் போகும். பதிவு பெற்ற ஒரு தொழிற்கூடத்துக்கு மூன்றாவதுதான் சரி. ஆனால் முதல் இரண்டும் எவ்வளவு தவறும், எந்த இடத்தில் தவறும் என்று தெரிந்தால்தான் அதற்காகும் கூடுதல் வேலைக்கு அர்த்தம் இருக்கும்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். விற்பதெல்லாம் 18% வரிக்குட்பட்ட சரக்கு. இந்த ஆண்டு வாங்கப்போவது நான்கு:

| பொருள் | அடிப்படை விலை (ரூ.) | வரி 18% (ரூ.) | வரி திரும்புமா |
|---|---|---|---|
| வார்ப்புகள் | 60,00,000 | 10,80,000 | ஆம் |
| சிஎன்சி லேத் | 24,00,000 | 4,32,000 | ஆம் |
| சிறிய கார் | 8,00,000 | 1,44,000 | இல்லை |
| ஷெட் விரிவாக்கம் (ஒப்பந்த வேலை) | 15,00,000 | 2,70,000 | இல்லை |

வரியோடு சேர்த்துப் போட்டால் மொத்தம் 126.26 லட்சம். வரியில்லாமல் போட்டால் 107 லட்சம். கம்பெனி உண்மையில் சுமக்கப்போவது இரண்டுமில்லை: 107 லட்சத்தோடு திரும்பாத 4.14 லட்சம் சேர்ந்து 111.14 லட்சம். முதல் வழி 15.12 லட்சம் கூட்டிக் காட்டுகிறது, இரண்டாவது வழி 4.14 லட்சம் குறைத்துக் காட்டுகிறது.

கூட்டிக் காட்டுவதால் நஷ்டமில்லையே, கைவசம் கொஞ்சம் இருப்பு இருக்குமே என்று தோன்றும். நஷ்டம் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, ஒப்பீட்டு அறிக்கையில். கணக்குப் புத்தகத்தில் வார்ப்புக் கொள்முதல் 60 லட்சம் என்றுதான் ஏறும், வரி தனி லெட்ஜருக்குப் போய்விடும். பட்ஜெட்டிலோ 70.80 லட்சம் இருக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் அந்த இனத்தில் 15.25% "சேமிப்பு" தெரிந்துகொண்டே இருக்கும். வார்ப்பு விலை 10% ஏறி, செலவு 66 லட்சமானாலும் அறிக்கை 4.80 லட்சம் மிச்சம் என்றே சொல்லும். விலையேற்றத்தை எச்சரிக்கவேண்டிய தாள் அதை மறைத்துவிடுகிறது. எல்லா இனங்களிலும் ஒரே மாதிரி பதினைந்து சதவீத மிச்சம் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது நஷ்டம் சப்ளையரைத் தேர்ந்தெடுப்பதில். ஒருவர் ஒரு வார்ப்புக்கு 600 ரூபாயும் 18% வரியும் கேட்கிறார், பில் 708. இன்னொருவர், சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர். அவர் பில்லில் வரி போட முடியாது, 650 ரூபாய் என்று ஒரே தொகையாகத் தருகிறார். வரியோடு சேர்த்துப் பார்க்கும் பட்ஜெட்டில் இரண்டாமவர் 58 ரூபாய் மலிவு. ஆனால் முதலாமவர் பில்லில் உள்ள 108 ரூபாய், விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டாக வந்துவிடும். இரண்டாமவர் கட்டும் வரி அவர் விலைக்குள் புதைந்திருக்கிறது, அதில் ஒரு பைசாவும் வராது. உண்மையான ஒப்பீடு 600க்கும் 650க்கும் இடையில்தான். மலிவு என்று நினைத்து ஒவ்வொரு வார்ப்புக்கும் 50 ரூபாய் அதிகம் கொடுப்பதில் முடியும்.

இதே இரண்டு விலைகளை ஒரு பள்ளி அறக்கட்டளையின் மேசையில் வையுங்கள், விடை தலைகீழாகும். கல்விச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் அவர்களுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. அவர்கள் 708ஐயும் 650ஐயும்தான் ஒப்பிட வேண்டும், 650தான் மலிவு. மருத்துவமனை, காம்போசிஷன் வியாபாரி, 5% வரி போட்டு கிரெடிட் எடுக்காமல் நடக்கும் உணவகம், இவர்களுக்கும் முதல் வழியே சரியான வழி. பில் ஒன்றுதான், அது எந்தக் கைக்குப் போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பதே வரி செலவா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

இனி இரண்டாவது வழி. அடிப்படை விலையை மட்டும் போடுபவர்கள் தடுக்கப்பட்ட கிரெடிட்டில் அடிபடுகிறார்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு ஒரு பட்டியலே தருகிறது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனம், உணவும் கேட்டரிங்கும், கிளப் உறுப்பினர் கட்டணம், இலவச மாதிரிகள், கட்டடம் கட்டும் ஒப்பந்த வேலை ஆகியவை அதில் வருகின்றன. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பட்ஜெட் போடும்போது இந்த இனங்களைத் "திரும்பாது" என்று தொடங்கி, விதிவிலக்கு நிரூபணமானால் மாற்றுவதே பத்திரம். அதே ஆண்டில் கார் வாங்கினால் வரி திரும்பாது, சரக்கு ஏற்றும் வண்டி வாங்கினால் திரும்பும். டீசலுக்கும் மின்சாரத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அவற்றின் மேலுள்ள வரி முழுக்கச் செலவு. இறக்குமதியில் அடிப்படைச் சுங்கவரி செலவு, ஐஜிஎஸ்டி திரும்பும்.

ஷெட் வேலையில் கவனித்தால் பணம் மிஞ்சும் ஒரு இடம் இருக்கிறது. கட்டடத்துக்கான வரி திரும்பாது. ஆனால் இயந்திரத்தை நிலத்தோடு பொருத்தப் போடும் அஸ்திவாரமும் தாங்கு அமைப்பும் சட்டத்தின் விளக்கப்படி இயந்திரத்தோடு சேர்ந்தவை, அதன் வரி திரும்பும். ஒப்பந்ததாரர் "ஷெட் வேலை, 15 லட்சம்" என்று ஒரே வரியில் பில் போட்டால் அந்தப் பகுதியைப் பிரித்துக் காட்ட வழியில்லாமல் போகும். லேத்துக்கான அஸ்திவாரம் 2 லட்சம் என்றால், வேலை உத்தரவிலேயே அதைத் தனியாக எழுதி, தனி பில் வாங்கினால் 36,000 ரூபாய் செலவுப் பக்கத்திலிருந்து இறங்கும். வேலை முடிந்தபின் கேட்டால் இது நடக்காது, ஆகவே பட்ஜெட் கட்டத்திலேயே பிரிக்க வேண்டும்.

திரும்பாத வரியை எல்லாம் கூட்டி "வரிச் செலவு 4.14 லட்சம்" என்று ஒரே இனமாகப் போடுவதும் பலரிடம் இருக்கும் பழக்கம். மொத்தம் சரியாக வரும், இடம் தவறாகும். திரும்பாத வரி அந்தந்தப் பொருளோடுதான் போக வேண்டும். கார் 9.44 லட்சத்துக்குச் சொத்தாக ஏறி, அந்தத் தொகையின் மேல் ஆண்டாண்டாகத் தேய்மானம் விழும், 1.44 லட்சம் முழுவதும் இந்த ஆண்டு லாபத்திலிருந்தே போய்விடாது. கணக்கியல் தரநிலைகள் சொல்வதும் இதையே: வரித்துறையிடமிருந்து திரும்பப் பெறக்கூடிய வரி கொள்முதல் விலையில் சேராது, மற்ற வரி சேரும். லேத்தில் இதன் மறுபக்கம் இருக்கிறது. 4.32 லட்ச வரியையும் சொத்தின் விலையில் சேர்த்து வருமான வரிக்குத் தேய்மானம் எடுத்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவின்படி அதற்கு இன்புட் கிரெடிட் கிடையாது. இரண்டில் ஒன்றுதான்.

பிரித்துக் காட்டும் வழிக்குத் தாளில் ஒரே ஒரு நெடுவரிசைதான் கூடுதல்: வரியில் எத்தனை பங்கு திரும்பும் என்பது. B அடிப்படை விலை, C வரி வீதம், D திரும்பும் பங்கு (முழுதும் என்றால் 1, இல்லையென்றால் 0). முதல் சூத்திரம் செலவு, இரண்டாவது திரும்பும் வரி.

```
=B2*(1+C2*(1-D2))
=B2*C2*D2
```

இரண்டாவது சூத்திரத்தின் விடை செலவில் இல்லை என்பதற்காகத் தாளை விட்டே போய்விடக் கூடாது. வரியில்லாமல் போடும் வழியின் பெரிய ஓட்டை இதுதான்: சப்ளையருக்கு வரியோடுதான் பணம் கொடுக்க வேண்டும். லேத்துக்கு ஏப்ரலில் 28.32 லட்சம் கட்டியாக வேண்டும். சப்ளையர் மே 11க்குள் தன் ரிட்டர்னைப் போட்டால், கிரெடிட் மே 14 அன்று GSTR-2B என்ற கிரெடிட் பட்டியலில் தெரியும். மே 20க்குள் போடும் ஏப்ரல் மாத வரி ரிட்டர்னான GSTR-3Bயில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ரொக்கமாகக் கைக்கு வராது, விற்பனை வரியில்தான் கழியும். இந்தக் கம்பெனியின் மாத விற்பனை 12 லட்சம் என்றால் விற்பனை வரி 2.16 லட்சம். அதில் வார்ப்பு கிரெடிட் 90,000 ஏற்கெனவே கழிந்துவிடும். மீதி 1.26 லட்சத்தில்தான் லேத்தின் 4.32 லட்சம் மாதாமாதம் கரைய வேண்டும், அதற்கு ஏறத்தாழ மூன்றரை மாதம் ஆகும். அதுவரை அந்தப் பணம் முடங்கியிருக்கும். கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதாக இருந்தால், வங்கி வரித்தொகைக்கும் கடன் தருமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தராவிட்டால் அந்த 4.32 லட்சம் கைப்பணத்திலிருந்து போகும்.

D நெடுவரிசையில் 1 என்று போட்ட பிறகும் வரி செலவாக மாறும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுக்கலாம் என்பதால் இங்கே செலவு வட்டி மட்டுமே. சப்ளையர் பில்லை ஏற்றாமலே விட்டால் நிலைமை வேறு: நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் போடும் நாள், எது முந்தியோ அதற்குள் கிரெடிட் எடுக்காவிட்டால் அது போனதுதான். மாதாமாதம் கொள்முதல் லெட்ஜரை GSTR-2Bயோடு ஒத்துப்பார்த்து, விடுபட்ட பில்களைச் சப்ளையர் பெயரோடு தனிப் பட்டியலாக வைத்து, பட்டியலில் உள்ள தொகைக்கு ஈடாக அடுத்த பட்டுவாடாவில் பிடித்தம் செய்வதே நடைமுறையில் வேலை செய்யும் வழி. பழக்கமாகப் பில் ஏற்றத் தவறும் சப்ளையரின் வரிசையில் D மதிப்பை 1லிருந்து 0 ஆக்கிவிட்டு விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் தந்த தள்ளுபடி அதில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

விற்பனையில் ஒரு பகுதி வரிவிலக்கானது என்றால் D 1ஆகவும் இருக்காது, 0ஆகவும் இருக்காது. மருந்துக் கடையும் நடத்தும் மருத்துவமனை இதற்கு நல்ல உதாரணம்: கடையில் விற்கும் மருந்தின் வரி முழுதும் திரும்பும், சிகிச்சைக்கு மட்டுமே பயன்படும் பொருளின் வரி துளியும் திரும்பாது. இரண்டுக்கும் பொதுவான மென்பொருள், காவல், தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றின் வரியை மொத்த விற்பனையில் வரிவிலக்கு வருமானத்தின் விகிதப்படி பிரிக்க வேண்டும். பொது வரி 3 லட்சம், வரிவிலக்கு வருமானம் 40% என்றால் 1.20 லட்சம் செலவு, அந்த வரிசைகளில் D 0.6. பட்ஜெட்டுக்குச் சென்ற ஆண்டு விகிதத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆண்டு முடிந்ததும் உண்மையான விகிதத்தில் மறுபடி கணக்கிட்டு, குறைவாகத் திருப்பியிருந்தால் மீதியை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். புதிய வார்டு திறக்கும் ஆண்டில் அந்த 40% எங்கே போகும் என்று யோசித்தே D மதிப்பை எழுத வேண்டும்.