செக்அவுட் சோதனைகள்: எண்ட்-டு-எண்ட் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

இணையக் கடையின் செக்அவுட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு படியும் பணத்தைத் தொடுவதால், எல்லாப் படிகளுக்கும் பிரவுசரை இயக்கிப் பார்க்கும் எண்ட்-டு-எண்ட் சோதனை எழுதிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. ஒரு படி எவ்வளவு முக்கியமானது என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்று நான் கருதுகிறேன். அந்தப் படியில் பிழை நேர்ந்தால் அது எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரே விதிக்குள் இருக்குமானால் யூனிட் சோதனை போதும். சர்வருக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே இருக்குமானால் இன்டக்ரேஷன் சோதனை போதும். பிரவுசர், சர்வர், பேமெண்ட் கேட்வே ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் இருக்க முடியும் என்றால் மட்டுமே எண்ட்-டு-எண்ட் சோதனைக்கு இடம் உண்டு.

விலைக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 3 வகைத் தள்ளுபடி, 4 டெலிவரி முறைகள், 3 வரி விகிதங்கள், 3 நாணயங்கள் என்றால் மொத்தம் 108 சேர்க்கைகள் உண்டு. பிரவுசர் வழியாக ஒன்றுக்கு 40 விநாடி பிடித்தால், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி முடிக்க 72 நிமிடங்கள் ஆகும். கணக்கிடும் ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால் அத்தனையும் சில விநாடிகளுக்குள் முடிந்துவிடும். மேலும், இங்கே வரும் பிழைகள் நுணுக்கமானவை. 1.04 விலையுள்ள மூன்று பொருள்களுக்கு 10 சதவீத வரியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே முழுமையாக்கினால் 0.30 வரும், மொத்தத்துக்குக் கணக்கிட்டு முழுமையாக்கினால் 0.31 வரும். யூனிட் சோதனை இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டும். பிரவுசர் சோதனையோ கடைசித் திரையில் தொகை பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லி, காரணத்தைத் தேடும் வேலையை நம்மிடம் விட்டுவிடும். முகவரிப் படிவத்தின் சரிபார்ப்புகளுக்கும் இதே தீர்ப்புதான்.

கட்டணம் செலுத்தும் படியில் நிலைமை வேறு. ஸ்ட்ரைப் என்ற பேமெண்ட் கேட்வேயைப் பயன்படுத்தும் ஒரு செக்அவுட்டை எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும்போது சர்வர் 1000 தொகைக்கு, ஸ்ட்ரைப்பில் ஒரு கட்டணத்தைக் குறிக்கும் பதிவான பேமெண்ட் இன்டெண்டை உருவாக்கி, அந்த இன்டெண்டுக்கே உரிய `client_secret` மதிப்பைப் பக்கத்துக்கு அனுப்புகிறது. கார்டு படிவம் அந்த மதிப்போடு திரையில் அமர்கிறது. பிறகு அவர் 10 சதவீதக் கூப்பனை இடுகிறார். சர்வர் 900 தொகைக்குப் புதிய இன்டெண்டை உருவாக்கி, ஆர்டரில் அதைப் பதிவு செய்து, புதிய மதிப்பைத் திருப்பி அனுப்புகிறது. பக்கமும் 900 என்று காட்டுகிறது. ஆனால் ஏற்கெனவே அமர்ந்துவிட்ட கார்டு படிவம் பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருப்பதால், வாடிக்கையாளரிடமிருந்து 1000 எடுக்கப்படுகிறது. கூப்பன் கணக்கின் யூனிட் சோதனை இங்கே தேறும். கூப்பன் ஏபிஐயை அழைத்துப் புதிய இன்டெண்டின் தொகையைப் பார்க்கும் இன்டக்ரேஷன் சோதனையும் தேறும், ஏனெனில் சர்வர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பிழை இருப்பது, பக்கம் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதில்.

இந்தப் பிழையை எண்ட்-டு-எண்ட் சோதனை பிடிக்கும் என்றாலும், அது எதைச் சரிபார்க்கிறது என்பதைப் பொறுத்தே பிடிக்கும். திரையில் 900 இருக்கிறதா, நன்றிப் பக்கம் வந்ததா என்று மட்டும் பார்க்கும் சோதனை இதையும் தேறவிடும். ஆகவே சோதனையின் இறுதியில், ஆர்டரில் பதிவான இன்டெண்டை ஸ்ட்ரைப்பிடமே கேட்டு, வந்து சேர்ந்த தொகையைப் பார்க்க வேண்டும். தொகை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் தரப்படுவதால், 900.00 என்பது அங்கே 90000 ஆகும்.

```ts
const intent = await stripe.paymentIntents.retrieve(order.intentId);
expect(intent.amount_received).toBe(90000);
```

மேற்சொன்ன பிழை இருந்தால் புதிய இன்டெண்டுக்குப் பணமே வந்திருக்காது. விடை 0 ஆக இருந்து சோதனை தோற்கும்.

கட்டணப் படியை ஓட்டுவதற்கும் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஸ்ட்ரைப்பின் ஸ்கிரிப்டுக்குப் பதிலாக நாமே எழுதிய போலியை வைப்பது. இரண்டாவது, கார்டு படிவத்தைத் தவிர்த்து, சோதனைச் சூழலில் `pm_card_visa` என்ற ஆயத்தக் கார்டைக் கொண்டு சர்வரிலிருந்து கட்டணத்தை முடிப்பது. மூன்றாவது, உண்மையான படிவத்தில் 4242 4242 4242 4242 என்ற சோதனை எண்ணைத் தட்டச்சு செய்வது. இரண்டாவது வழி நம்பகமானது, விரைவானது; ஆனால் படிவத்தையே தொடாததால் நம் பிழையை அதனால் காண முடியாது. மூன்றாவது வழி காணும். எனினும், தன் திரைகளில் தானியங்கு இயக்கத்தைத் தடுக்கும் பாதுகாப்புகள் உண்டு என்றும் ஏபிஐ அழைப்புகளுக்கு வரம்பு உண்டு என்றும் ஸ்ட்ரைப்பே தன் ஆவணங்களில் சொல்வதால், ஒவ்வொரு மெர்ஜுக்கும் அதை ஓட்டுவது தகாது. நான் பரிந்துரைப்பது, தன்னிடம் எந்த `client_secret` வந்தது என்பதைக் குறித்துவைக்கும் ஒரு போலியை ஒவ்வொரு மெர்ஜிலும் ஓட்டி, உண்மையான படிவத்தை இரவில் ஒரு முறை ஓட்டுவது. எது அனுப்பினாலும் வெற்றி என்று சொல்லும் போலி இதற்கு உதவாது, ஏனெனில் அது நம் நம்பிக்கையையே நமக்குத் திருப்பிச் சொல்லும்.

கட்டணத்தின் நிலையை ஸ்ட்ரைப் நம் சர்வருக்குத் தானே அனுப்பித் தெரிவிக்கும் வெப்ஹூக் எண்ட்-டு-எண்ட் சோதனைக்கே உரியதுபோல் தோன்றும். ஆனால் பெரும்பகுதி அப்படியன்று. `payment_intent.succeeded` செய்தி இருமுறை வரலாம், மற்றச் செய்திகளோடு வரிசை மாறி வரலாம், வாடிக்கையாளர் நன்றிப் பக்கத்தை அடைவதற்கு முன்போ வெகுநேரம் கழித்தோ வரலாம். பிரவுசர் சோதனையில் இந்த வரிசையை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. இன்டக்ரேஷன் சோதனையில் அதே செய்தியை வேண்டிய வரிசையில் இரண்டு முறை அனுப்பி, ஆர்டர் ஒன்றுதானா, சரக்கு இருப்பு ஒரு முறைதான் குறைந்ததா என்று பார்க்கலாம். செய்தி ஸ்ட்ரைப்பிடமிருந்தே வந்ததா என்று பார்க்கும் கையொப்பச் சரிபார்ப்பைத் தவிர்த்து அந்தச் சோதனை ஓடினால் மட்டும் ஒன்று தவறிப்போகும்: சர்வர் செய்தியின் உடலை முன்கூட்டியே ஜேசனாகப் பிரித்துவிட்டால், மூல உருவை வைத்துச் செய்யப்படும் சரிபார்ப்பு தோற்று, உண்மைச் செய்திகள் அனைத்தும் மறுக்கப்படும். இரவில் ஓடும் சோதனை, ஆர்டர் `paid` நிலைக்கு வரும்வரை பிரவுசர் சோதனைக் கருவியான பிளேரைட்டின் `expect.poll` கொண்டு காத்திருந்தால், இந்த இணைப்பும் சேர்ந்தே சோதிக்கப்படும். ஐந்து விநாடி என்று கண்மூடித்தனமாகக் காத்திருப்பது ஒரு நாள் போதாமற்போகும், மற்ற நாள்களில் வீணாகும்.

இப்படி வடிகட்டினால் உண்மைப் படிவத்துக்கு எஞ்சுபவை மூன்று: இடையில் கூப்பன் இட்டுக் கார்டால் செலுத்துவது, 4000 0025 0000 3155 என்ற எண்ணைக் கொண்டு, வங்கியின் கூடுதல் உறுதிப்படுத்தல் திரையைக் கடந்து திரும்புவது, கணக்கில் போதிய பணமில்லை என்று மறுக்கப்படும் 4000 0000 0000 9995 கார்டுக்குப் பின் அதே கூடையோடு வேறு கார்டில் செலுத்துவது. எண்ணிக்கையில் இவ்வளவு சிக்கனம் ஏன் என்பதற்குக் கணக்கே விடை தருகிறது. ஒவ்வொரு சோதனையும் காரணமின்றித் தோற்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்று கொண்டால், 20 சோதனைகள் உள்ள தொகுப்பு நூறு ஓட்டங்களில் ஏறக்குறைய 18 முறை பொய்யாகச் சிவப்பு காட்டும். மூன்று சோதனைகள் உள்ளது ஏறக்குறைய 3 முறைதான் காட்டும். பதினெட்டு முறை பொய்யாகச் சிவந்ததைப் பார்த்த குழு, உண்மையான தோல்வி வரும் நாளிலும் மறுஓட்டப் பொத்தானைத்தான் அழுத்தும். நான்காவதாக ஒன்றைச் சேர்க்க யாரேனும் கேட்டால், கூப்பன் உதாரணத்தைப் போல, கீழ்நிலைச் சோதனைகள் எல்லாம் தேறியும் நழுவக்கூடிய ஒரு பிழையை அவர் விவரித்துக் காட்ட வேண்டும் என்பதையே நிபந்தனையாக வைக்கலாம்.