பொறாமையா, பொசசிவா: எதை முதலில் கையாள்வது?

பொறாமைக்கு இரண்டு பேர் போதும். அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. பொசசிவ் ஆக மூன்று பேர் வேண்டும்: நான், எனக்கு நெருக்கமானவர், அவரை என்னிடமிருந்து பிரித்துவிடுவாரோ என்று நான் பயப்படுகிற இன்னொருவர். தோழிக்குக் கனடாவில் வேலை கிடைத்த செய்தி கேட்டு வயிறு எரிந்தால் அது முதலாவது. அதே தோழி புதிதாகப் பழகிய ஒருத்தியோடு கொடைக்கானல் போன படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்து மனசு சுருங்கினால் இரண்டாவது. இதுவரைக்கும் யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் வருவது இரண்டும் கலந்து வரும்போதுதான். சொந்தபந்தத்துக்குள் பெரும்பாலும் கலந்தேதான் வருகிறது. அப்போது எதை முதலில் எடுப்பது? நான் பொசசிவை எடுத்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பாரட், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டு உணர்ச்சிகளையும் பிரித்துக் காட்டியதில் முக்கியமானது. பொறாமையில் தாழ்வு மனப்பான்மையும், கிடைக்காததன் ஏக்கமும், இப்படி நினைக்கிறோமே என்ற குற்ற உணர்வும் தூக்கலாக இருந்தன. பொசசிவில் இழந்துவிடுவோமோ என்ற பயமும் நம்பிக்கைக் குறைவும் பதற்றமும். பொசசிவ் ஆன அனுபவங்களில் பொறாமையும் சேர்ந்து வருவது சகஜம், பொறாமைப்பட்ட அனுபவங்களில் பொசசிவ் சேர்வது குறைவு என்பதும் அதில் தெரிந்தது. யோசித்தால் நியாயம்தான். என் இடத்தைப் பிடிக்க வருகிறவளிடம் நம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று இருப்பதாகத் தோன்றாமல் எப்படி இருக்கும்?

நான் பொசசிவை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அதை வாய்விட்டுச் சொல்ல முடியும். "நீங்க என்னைக் கூப்பிடலையே" என்பதில் கோபம் இருந்தாலும் உள்ளே இருப்பது பாசம். கேட்கிறவருக்கும் அது புரியும், பதில் சொல்லவும் ஒரு வழி இருக்கும். பொறாமையை அப்படிச் சொல்லிப் பாருங்கள். "உனக்குக் கிடைச்சது எனக்குப் பொறுக்கலை" என்று சொன்னால் கேட்கிறவர் என்ன செய்வார்? கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? அதனால் பொறாமை தன் பெயரில் வெளியே வருவதே இல்லை. நியாயம் பேசுவது போல வரும். "அவளுக்கென்ன, மாமனார் காசு." "நல்ல வீடுதான், ஆனா தண்ணி வசதி இல்லையாமே." பாராட்டுக்குப் பின்னால் ஓர் 'ஆனா' விடாமல் வந்துகொண்டிருந்தால், அதைச் சொல்கிறவர் நாமாகவே இருந்தாலும், சந்தேகப்படலாம்.

வள்ளுவரும் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. அழுக்காறு அறத்துப்பாலில் 17ஆம் அதிகாரம், முழுக்கக் கண்டிப்பு. பொசசிவோ காமத்துப்பாலின் கடைசியில் ஊடலாக வருகிறது. கணவன் தும்மினால்கூட யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள் ஒருத்தி. அழுதுவிட முடிகிறது, அதனால் அடுத்துக் கூடல் இருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். நான் மூத்த மருமகள், மதுரையில் பள்ளிக்கூட ஆசிரியை. ஓரகத்தி சென்னையில் சொந்தமாக ஃபிளாட் வாங்கினாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அத்தை அங்கே போய் இருந்தார். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இருவருமே காஞ்சிபுரம் போய் வந்துவிட்டார்கள். வீட்டில் எந்த விசேஷமானாலும் அதுவரை அத்தை கூட நான்தான் கடைக்குப் போவேன். எனக்குள் எரிந்தது ஃபிளாட்டா, அத்தையா, புடவையா என்று முதலில் பிரிக்கவே முடியவில்லை.

பிரிப்பதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி இது: அவளிடம் இருப்பது அவளுக்கு இல்லாமல் போனால் எனக்கு ஆறிவிடுமா? நாளைக்கே அந்த ஃபிளாட் இல்லை என்றாகிவிட்டால், அத்தை காஞ்சிபுரத்துக்கு என்னைக் கூப்பிடாதது ஆறுமா? ஆறாது. அத்தை அவளைக் கூப்பிடாமல் தனியாகவே போய் வந்திருந்தால்? அப்போதும் முழுசாக ஆறாது, அத்தை என்னைத் தேட வேண்டும். ஆகக் காஞ்சிபுரம் விஷயம் பொசசிவ். ஃபிளாட் வேறு கணக்கு, அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அத்தை ஊருக்கு வந்தபோது, பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில், "புடவை எடுக்கப் போறப்ப என்னைக் கூப்பிடலையே அத்தை, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றேன். அத்தை கீரைக்கட்டைக் கீழே வைத்தார். "உனக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க பரீட்சை நேரம்மா. கேட்டா லீவு போட்டுட்டு வந்து நிப்பே, அதான் சொல்லலை." அவ்வளவுதான். சம்பந்தி வீட்டுக்கு எடுக்க வேண்டியது பாக்கி இருந்தது, அதற்கு நானும் போனேன்.

ஃபிளாட் அப்படித் தீரவில்லை, யாரிடமும் சொல்லியும் தீராது. இங்கே உதவியது நெதர்லாந்து ஆய்வாளர் வான் டி வென் குழுவினர் 2009இல் காட்டிய பிரிவு. பொறாமையிலேயே இரண்டு உண்டு: அவளை இறக்கப் பார்ப்பது ஒன்று, நான் ஏறப் பார்ப்பது ஒன்று. அவளுக்கு அது தகும் என்று மனசு ஒப்புக்கொண்டால், முயன்றால் எனக்கும் ஆகும் என்று தோன்றினால், இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஃபிளாட் அவள் பெயரில், அவள் சம்பளத்தில் கட்டும் கடனில் வாங்கியது. அதுதான் என்னைக் குத்தியது என்று புரிந்த பிறகு, சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள், என்னென்ன பத்திரம் கேட்டார்கள் என்று அவளிடமே கேட்டேன். உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னாள். ஏக்கம் போய்விடவில்லை. 'ஆனா' குறைந்திருக்கிறது.

வேலையிடத்திலும் இதே பிரிவுதான். சக ஆசிரியைக்கு ப்ரொமோஷன் வந்தால் பொறாமை. டைம்டேபிள் போட இத்தனை வருஷமாக என்னைக் கூப்பிட்ட தலைமையாசிரியை, புதிதாக வந்தவளைக் கூப்பிட்டால் பொசசிவ். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டாவதைப் பேசித் தீர்த்ததைப் பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் மதிப்பீடு, போனஸ் என்று ஓடுகிற கம்பெனிகளில் மேலதிகாரியிடம் இப்படி மனம் திறப்பது சரிப்படுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. கணவன் மனைவிக்குள் போனைத் துழாவுகிற, எங்கே போனாய் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் கேட்கிற சந்தேகமும் நான் சொல்கிற பொசசிவில் சேராது. அங்கே ஒருவர் பயத்தைச் சொல்வதில்லை, மற்றவரை அடக்குகிறார்.

சொல்வதானால் யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். யாரை இழந்துவிடுவோம் என்று பயமோ அவரிடம்தான் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் பேச்சை நான் ஓரகத்தியிடம் எடுத்திருந்தால் அவள் என்ன சொல்லியிருக்க முடியும்? கூப்பிட்டது அத்தை, கூப்பிடாமல் விட்டதும் அத்தை. அவளிடம் கேட்டிருந்தால் அது குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும், கடன் விவரம் கேட்க அவள் வீட்டுப் படியேறவும் எனக்கு முகம் இருந்திருக்காது.