ஒரு படி அரிசி எத்தனை கிலோ? மூன்று கணக்குகள், ஒரு தராசு

படியைக் கிலோவாக்க இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அட்டவணையைப் பார்த்துப் பெருக்குவது ஒன்று. ‘படிக்கு ஒன்றரைக் கிலோ’ என்ற வாய்க்கணக்கு இன்னொன்று. மூன்றாவது, கையில் இருக்கும் படியையே அளந்து பார்ப்பது. மூன்றும் மூன்று விடை தரும். ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் எதை எங்கே நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் அட்டவணை. 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆழாக்கு 168 மில்லி என்று வைத்துக்கொண்டு ஏறினால் படி 1.34 லிட்டர், மரக்கால் 10.75 லிட்டர். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு அட்டவணைகளில் மரக்கால் 5.37 லிட்டர் என்று இருக்கும். இரண்டும் சரியாக ஒன்றுக்கு இரண்டு என்பதைக் கவனியுங்கள். 5.37-ஐ எட்டால் வகுத்தால் 0.67 லிட்டர் வருகிறது. அது முதல் அட்டவணையின் உரி. ஆக, ஓர் அட்டவணையில் எட்டில் ஒரு பங்காக நிற்பது பெரிய படி, மற்றதில் அதில் பாதி அளவுள்ள நாழி. சின்னப்படி, பெரியபடி என்று இரண்டு புழங்கிய ஊர்களில் இந்தக் குழப்பம் வீட்டுக்குள்ளேயே உண்டு.

மெட்ராஸ் படி என்பது இன்னும் வேறு. கும்பினி காலத்துக் கணக்கில் மரக்கால் 750 கன அங்குலம். அப்படியானால் மரக்கால் சுமார் 12.3 லிட்டர், படி 1.54 லிட்டர். அதற்கும் முன்னால் போனால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் நெல் அளக்கிறார்கள். அது ‘இராசகேசரி’ என்ற மரக்காலுக்கு ஒத்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெறும் மரக்கால் என்று சொன்னால் போதாது, எந்த மரக்கால் என்று சொல்லியாக வேண்டும் என்பது சோழர் காலக் கணக்கர்களுக்கே தெரிந்திருந்தது. நம் அட்டவணைகள்தான் அந்தப் பெயரை விட்டுவிட்டன.

அட்டவணை லிட்டரோடு நின்றுவிடும். கிலோவுக்கு இன்னொரு படி ஏற வேண்டும். ஒரு லிட்டர் அரிசி பொதுவாக 780 முதல் 850 கிராம் வரை இருக்கும். அரிசியின் ரகம், ஈரம், குலுக்கி அளந்தோமா இல்லையா என்பதைப் பொறுத்தது. 800 கிராம் என்று வைத்தால் பெரிய பிழை வராது. லிட்டரையே கிலோ என்று எடுத்துக்கொண்டு ‘படி 1.34 கிலோ’ என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தண்ணீருக்குத்தான் அது பொருந்தும், அரிசிக்குப் பொருந்தாது.

| எந்தப் படி | லிட்டர் | அரிசி, தலை தட்டி (லிட்டருக்கு 800 கிராம்) |
|---|---|---|
| நாழி / சின்னப்படி | 0.67 | 0.54 கிலோ |
| அட்டவணைப் படி | 1.34 | 1.07 கிலோ |
| மெட்ராஸ் படி | 1.54 | 1.23 கிலோ |

இதில் எங்கேயும் ஒன்றரைக் கிலோ இல்லை. அப்படியென்றால் வாய்க்கணக்கு பொய்யா? இல்லை. அது தலை தட்டாமல் குவித்து அளந்த காலத்துக் கணக்கு. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று கேட்டவர்கள் மனக்கண்ணில் கண்டதும் கூம்பு வைத்த படியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். விளிம்புக்கு மேல் நிற்கும் கூம்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அரிசிக் குவியல் தானாகச் சரிந்து நிற்கும்போது அதன் உயரம், வாயின் ஆரத்தில் சுமார் 0.6 பங்கு இருக்கும். வாய் 12 செ.மீ. அகலமென்றால் கூம்பு 136 மில்லி. வாய் 15 செ.மீ. என்றால் 265 மில்லி, ஏறக்குறைய இரட்டிப்பு. 1.54 லிட்டர் படி அகல வாயாக இருந்து, குவித்து அளந்தால் 1.8 லிட்டர் பிடிக்கும். எடை 1.44 கிலோ, கொஞ்சம் குலுக்கிவிட்டால் ஒன்றரையே வந்துவிடும். விற்பவர் ஒடுங்கிய வாயையும் வாங்குபவர் அகன்ற வாயையும் விரும்பக் காரணம் இதுதான்.

கையில் படி இருப்பவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. வெறும் படியை எண்ணியல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிலோவே லிட்டர். துடைத்துக் காயவைத்து, உங்கள் அரிசியைத் தலை தட்டி ஒரு முறை, குவித்து ஒரு முறை நிறுத்து, இரண்டையும் அடியில் எழுதிவிடுங்கள். பழைய இரும்புப் படி ஒட்டில் ஒழுகும். மரத்தால் செய்த மரக்காலில் தண்ணீரே ஊற்றக்கூடாது, ஊறி உப்பிவிடும். அவற்றுக்கு அரிசியை நிரப்பி, ஒரு லிட்டர் அளவுக் குவளையால் எடுத்து எண்ணலாம். விளிம்பு நசுங்கிய படியில் தலை தட்டுவது சரியாக வராது. ஒரே ஆள் ஐந்து முறை அளந்தும் எடை 50 கிராமுக்கு மேல் ஆடினால் விளிம்பைப் பாருங்கள்.

படி இல்லை, பத்திரம் மட்டும் இருக்கிறது என்றால்தான் சிக்கல். தஞ்சைப் பக்கத்துப் பழைய குத்தகைச் சீட்டில் ஆண்டுக்கு 10 கலம் நெல் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கலம் 120 மரக்கால். நெல் லிட்டருக்குச் சுமார் 580 கிராம். 10.75 லிட்டர் மரக்காலில் 748 கிலோ வரும்; 5.37-இல் 374 கிலோ. ஆனால் டெல்டாவில் இரண்டு கலம் சேர்ந்தது ஒரு மூட்டை, மூட்டை 60 கிலோவை ஒட்டியது. அந்த வழக்கில் 10 கலம் ஐந்து மூட்டை, 300 கிலோ. முதல் அட்டவணை இரண்டரை மடங்கு ஏற்றிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஊர் மூட்டைக் கணக்கைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். அட்டவணை, மூட்டையோடு ஒத்துவருகிறதா என்று பார்க்க மட்டும்.

அதை அரிசியாக்கும்போது ஒரு கண்ணி உண்டு. அளவால் நெல்லுக்குப் பாதி அரிசி என்பார்கள். எடையால் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒன்றேதான். ஒரு லிட்டர் நெல் 580 கிராம். குத்தினால் சுமார் 380 கிராம் அரிசி. அதை அளந்தால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறையும். எடையில் 300 கிலோ நெல்லுக்குப் பாதி என்று 150 கிலோ அரிசி கணக்கிடுபவர், கிட்டத்தட்ட 45 கிலோவை விட்டுக்கொடுக்கிறார்.