கேமரா மொழிபெயர்ப்புப் பயிற்சிக் கையேடு: பத்து மாத வகுப்பு அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு நூலக அறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து ஜப்பான், ஜெர்மனி என்று போய்விட்டார்கள். பேரப் பிள்ளை பிறந்தால் இவர்கள் மூன்று மாதம் போய் இருக்க வேண்டியிருக்கிறது. அங்கே வீட்டுச் சாமான்களின் திரைகளை, ஃபோன் கேமராவையும் மொழிபெயர்ப்புச் செயலியையும் வைத்துப் படிப்பது எப்படி என்பதுதான் பாடம். தெரிந்தவர் ஒருவர் தொகுத்துக் கொடுத்த 32 பக்கக் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். மாம்பழ சீசனில் பாதிப் பேர் தோப்புக்குப் போய்விட்டதால் விட்டுப்போன வாரங்களையும் சேர்த்தால், அதைப் பயன்படுத்தி இப்போது பத்து மாதம் ஆகிறது.

கையேட்டில் எனக்கு மிகவும் பயன்பட்டது மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி: மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாதே, நீயே தேர்ந்தெடு. ஜப்பானியத் திரைகளில் பல பட்டன்களில் சீன எழுத்துகள் மட்டுமே இருக்கும். இரண்டு எழுத்தை மட்டும் பார்க்கும் செயலி அதைச் சீன மொழி என்று எடுத்துக்கொள்ளும், பொருளும் சில நேரம் மாறிவிடும். அதனால் எந்த மொழியிலிருந்து என்ற இடத்தில் ஜப்பானியம், எந்த மொழிக்கு என்ற இடத்தில் தமிழ் என்று முதலிலேயே வைத்துவிட வேண்டும். இரண்டு மொழிகளையும் இங்கேயே வைஃபையில் இறக்கிக்கொண்டு போனால், அங்கே இறங்கியதும் நெட் இல்லாமல் தவிக்க வேண்டாம்.

கையேடு தவறவிட்டது இதற்கு அடுத்த படியில். கேமராவைத் திரைமுன் பிடித்தால் எழுத்து அப்படியே தமிழாக மாறும் நேரடி முறையைத்தான் அது முதலில் சொல்லித்தருகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வயதானவர்களின் கை லேசாக நடுங்கும், நடுக்கத்தில் தமிழ்ச் சொல் நொடிக்கு நொடி மாறிக் குதிக்கும். ஒரு சொல்லைப் படித்து முடிப்பதற்குள் அது வேறு சொல்லாகிவிடும். நான்கு வாரம் அப்படியே நடத்திவிட்டுத்தான் மாற்றினேன். இப்போது எங்கள் வகுப்பில் முதலில் சாதாரணக் கேமராவில் படம் எடுக்கிறோம், அப்புறம் அந்தப் படத்தைச் செயலியில் திறந்து மொழிபெயர்க்கிறோம். படம் ஓடிப்போகாது. விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம், மகனுக்கும் அனுப்பலாம்.

முழுப் பலகையையும் ஒரே படத்தில் எடுக்கக் கூடாது என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. ஜப்பானிய பட்டனில் இரண்டு எழுத்தில் இருப்பது தமிழில் எட்டெழுத்து ஆகும். அந்தச் சின்ன இடத்துக்குள் செயலி அதைத் திணிக்கும்போது எழுத்து எறும்பளவு சுருங்கி, பக்கத்துச் சொல்லின்மேல் ஏறிக்கொள்ளும். ஒரு ஜாண் தூரத்தில் பிடித்து, பலகையை மூன்று துண்டாக எடுத்தால் படிக்க முடிகிறது. பளபளக்கும் பலகையில் விளக்கு தெரிந்தால் ஃபோனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும்.

கையேட்டின் பயிற்சிப் படங்கள் எல்லாம் அச்சிட்ட அறிவிப்புப் பலகைகள். திரை அப்படி இருப்பதில்லை. அதனால் ஒரு நாள் எல்லோரையும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். கர்நாடக பஸ்களின் முகப்பில் கன்னட எழுத்து ஓடும் எல்.இ.டி. பலகைகள்தான் எங்கள் பாடப் புத்தகம். கண்ணுக்கு முழுதாகத் தெரிந்த எழுத்து, படத்தில் கருப்புப் பட்டைகளோடு பாதியாக விழுந்தது. அந்த விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மிக வேகமாக எரிந்து அணைகின்றன, நம் கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. வெயிலில் கேமரா மிகக் குறைந்த நேரமே திறந்து மூடுவதால், அந்த நொடியில் எரிந்த வரிசை மட்டும் பதிகிறது. காலை பத்து மணிக்கு வராத எழுத்து மாலை ஆறு மணிக்கு வந்தது. அப்போது விளக்கு ரொம்பப் பளிச்சென்று தெரிந்தால், ஃபோன் திரையில் அந்த எழுத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டினால் வெளிச்சம் குறைகிறது. பகலில் வேறு வழியில்லை என்றால் நான்கைந்து படம் எடுத்து, அதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ஒரே பலகையில் மொழி மாறி மாறி வந்தால், ஒரு சுற்று பொறுத்திருந்தால் ஆங்கிலமே வந்துவிடும், கேமராவே வேண்டாம்.

கையேட்டில் இல்லாத முக்கியமான பாடத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது காவேரிப்பட்டணத்து அம்மா ஒருவர். மருமகளின் பிரசவத்துக்காக ஜப்பான் போயிருந்தார். ஒரு நாள் வாட்ஸப்பில் கூப்பிட்டார்.

"தம்பி, மெஷின் செத்துப்போச்சு போல. பட்டனை அமுக்கி ஒரு மணி நேரம் ஆச்சு, சத்தமே வரல."

"அம்மா, எதையும் தொடாதீங்க. பலகையை மூணு படமா எடுத்து அனுப்புங்க."

அனுப்பினார். அவருடைய செயலி 切 என்பதை 'வெட்டு' என்றும், 脱水 என்பதை 'நீரிழப்பு' என்றும், 予約 என்பதை 'முன்பதிவு' என்றும் காட்டியிருந்தது. அகராதிப்படி எதுவும் தவறில்லை. ஆனால் வாஷிங் மெஷினில் 脱水 என்றால் துணியைச் சுழற்றிப் பிழிவது. 切 என்பது பக்கத்தில் இருக்கும் 入 என்பதோடு ஜோடி. 入 என்றால் ஆன், 切 என்றால் ஆஃப். 予約 என்பது இப்போது வேண்டாம், இத்தனை மணி நேரம் கழித்து முடி என்று சொல்லும் டைமர். முன்பதிவு என்றதும் துணியைப் பதிவு செய்யச் சொல்கிறதாக்கும் என்று நினைத்து அம்மா அதை அமுக்கியிருக்கிறார்.

மெஷின் கெடவில்லை, காத்திருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துதான். துவைத்துக்கொண்டிருந்தால் மீதி நேரம் 分, அதாவது நிமிடம் என்று வரும். அவர் படத்தில் 6 என்ற எண்ணுக்கு அடுத்து 時間 இருந்தது, அது மணி நேரம். 切 அமுக்கி அணைத்து, மறுபடி 入 அமுக்கி, 予約 பக்கம் போகாமல் スタート மட்டும் அமுக்கச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் தண்ணீர் விழும் சத்தம் ஃபோனிலேயே கேட்டது.

அதற்குப் பிறகு கையேட்டோடு இரண்டு பக்கம் நானே எழுதிச் சேர்த்தேன். ஒரு பட்டனைத் தனியாகப் படிக்காமல் பக்கத்துப் பட்டன்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. பொருள் விசித்திரமாக இருந்தால் அதே படத்தை ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பது இன்னொன்று. கடைசியாக, திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எதையும் அமுக்க வேண்டும். பேங்க் திரை, ஓடிபி வந்த திரை ஆகியவற்றை மட்டும் இந்தச் செயலியில் காட்டவே வேண்டாம் என்றும் பெரிய எழுத்தில் போட்டேன், ஏனென்றால் நெட்டில் இருக்கும்போது படம் நம் ஃபோனை விட்டு வெளியே போகக்கூடும்.

கையேட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மொழி அமைப்பு, மொழிகளை இறக்குவது, இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் பிடிக்க ஒருவர் படிப்பது, இந்த மூன்று அத்தியாயங்களுக்காக வாங்கலாம். நேரடி முறை அத்தியாயத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எழுத்து சின்னது, ஜெராக்ஸ் எடுக்கும்போது ஏ3 தாளில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்த அம்மா மறுபடி ஒரு படம் அனுப்பினார். இந்த முறை ரைஸ் குக்கர். திரையில் அதே 予約. நான் பதில் எழுதத் தொடங்குவதற்குள் அவரே குரல் பதிவு போட்டுவிட்டார்: "இது அந்த லேட் பட்டன்தானே தம்பி? ராத்திரியே அரிசி கழுவிப் போட்டு காலைல ஆறு மணின்னு வச்சுட்டேன். பையன் ஆபீஸ் போறதுக்குள்ள சோறு ரெடி."