ரீஃபண்ட் இரண்டு தடவை போகாமல் தடுக்க எது நம்பகம்: க்யூவா, ரெடிஸா, டேட்டாபேஸா?

வாடிக்கையாளர் ஒரு ஆர்டரை ரத்து செய்கிறார். 1,200 ரூபாயை அவர் வாலட்டில் திரும்பச் சேர்க்கச் சொல்லி ஒரு மெசேஜ் க்யூவுக்குப் போகிறது. வொர்க்கர் அதை எடுத்து, வாலட்டில் பணத்தைக் கூட்டி, வேலை முடிந்ததும் மெசேஜை அழிக்கிறது. பணத்தைக் கூட்டிய பிறகு, மெசேஜை அழிப்பதற்கு முன்னால் வொர்க்கர் செத்துவிட்டால் என்ன ஆகும்? க்யூவுக்குப் பணம் சேர்ந்தது தெரியாது. அது மெசேஜை இன்னொரு வொர்க்கருக்குக் கொடுக்கும், 2,400 ரூபாய் ஆகிவிடும்.

அமேசான் எஸ்க்யூஎஸ்ஸின் சாதாரண க்யூ "குறைந்தது ஒரு தடவை கொடுப்பேன்" என்று மட்டும்தான் வாக்குக் கொடுக்கிறது. ஒரே தடவைதான் கொடுப்பேன் என்று சொல்வதில்லை. யாரும் சாகாமலேயே இரட்டிப்பு நடக்கவும் வழியிருக்கிறது. ஒரு வொர்க்கர் மெசேஜை எடுத்ததும் அது மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைந்திருக்கும், மாற்றாமல் விட்டால் அந்த நேரம் 30 விநாடி. அன்றைக்கு டேட்டாபேஸ் மந்தமாக இருந்து வேலை 40 விநாடி இழுத்தால், நடுவிலேயே இரண்டாவது வொர்க்கர் அதே மெசேஜை எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். மூன்றாவது வகை இன்னும் பிடிபடாதது: மெசேஜை அனுப்பும் சர்வர் அனுப்பிவிட்டுப் பதில் வராததால் மறுபடி அனுப்புகிறது, க்யூவைப் பொறுத்தவரை அவை இரண்டு தனி மெசேஜ்கள்.

ஆகவே எந்த வழியை யார் சிபாரிசு செய்தாலும் இந்த மூன்றையும் வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும்: செத்தபின் திரும்ப வருவது, ஒரே நேரத்தில் இரண்டு ஓடுவது, அனுப்பியவரே இரண்டு தடவை அனுப்புவது.

க்யூவே பார்த்துக்கொள்ளட்டும் என்பவர்கள்

எஸ்க்யூஎஸ்ஸில் ஃபிஃபோ வகை க்யூ இருக்கிறது, அதில் ஒரே அடையாள எண்ணோடு இரண்டாவது தடவை வரும் மெசேஜை அது சேர்த்துக்கொள்ளாது. இதற்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த வடிகட்டல் 5 நிமிடத்துக்குத்தான், அதுவும் அனுப்பும் பக்கத்தில் மட்டும். அனுப்பிய சர்வர் பத்து நிமிடம் கழித்து மறுமுயற்சி செய்தால் அது புது மெசேஜ்தான். வொர்க்கர் செத்துத் திரும்ப வருவதையும், மறைவு நேரம் முடிந்து இரண்டாவது வொர்க்கர் எடுப்பதையும் இது தடுக்கவே தடுக்காது. மெசேஜின் உள்ளடக்கத்தை வைத்தே அடையாளம் உருவாக்கும் வசதியைப் போட்டுவிட்டால் வேறு தொல்லை: உள்ளே அனுப்பிய நேரம் இருந்தால் அதே ரீஃபண்ட் இரண்டு வேறு மெசேஜாகத் தெரியும், நேரமும் ரீஃபண்ட் எண்ணும் இல்லாவிட்டால் ஒரே ஆர்டருக்கு அடுத்தடுத்துக் கொடுத்த இரண்டு நியாயமான 100 ரூபாய் ரீஃபண்டில் ஒன்று காணாமல் போகும். வரிசை முக்கியம் என்றால் ஃபிஃபோ எடுங்கள். இரட்டிப்பைத் தடுக்க மட்டும் என்றால் அது போதாது.

ரெடிஸ் பூட்டு

அதிகம் பார்ப்பது இதுதான், ஏனென்றால் ஒரே வரி:

```
SET refund:R-5567 1 NX EX 86400
```

அந்தச் சாவி ஏற்கெனவே இல்லை என்றால் மட்டும் எழுதும், ஒரு நாளில் தானாக அழியும். இரண்டு வொர்க்கர் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அந்த அளவில் இது சரியாகவே வேலை செய்கிறது.

சிக்கல் எப்போது எழுதுவது என்பதில். பணத்தைக் கூட்டுவதற்கு முன்னால் எழுதினீர்கள், எழுதியதும் வொர்க்கர் செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜ் திரும்ப வரும், சாவி இருப்பதைப் பார்த்து "ஏற்கெனவே முடிந்தது" என்று அடுத்த வொர்க்கர் அதை அழித்துவிடும், வாடிக்கையாளருக்குப் பணமே வராது. இது இரட்டிப்பைவிட மோசம், ஏனென்றால் எந்த லாகிலும் பிழை இருக்காது, அவர் கூப்பிட்டுப் புகார் சொன்னால்தான் தெரியும். சரி, பணத்தைக் கூட்டிய பிறகு எழுதலாம் என்றால், கூட்டியதற்கும் எழுதுவதற்கும் நடுவில் செத்தால் இரட்டிப்பு, ஒரே நேரத்தில் இரண்டு ஓடினாலும் இரட்டிப்பு. முதலில் "நடக்கிறது" என்று குறுகிய பூட்டு, கடைசியில் "முடிந்தது" என்று நீண்ட பூட்டு என இரண்டு நிலையாக வைப்பவர்களும் உண்டு. அது சாளரத்தைச் சுருக்கும், மூடாது. பணம் ஒரு இடத்திலும் அதற்கான அடையாளம் இன்னொரு இடத்திலும் இருக்கும்வரை, இரண்டுக்கும் நடுவில் சாக ஒரு கணம் எப்போதும் இருக்கும்.

இதோடு ரெடிஸின் சொந்தக் குணங்களும் சேர்கின்றன. அதே ரெடிஸை கேஷாகவும் பயன்படுத்தி, நினைவகம் நிறைந்தால் பழைய சாவிகளைத் தூக்கும்படி `allkeys-lru` வைத்திருந்தால், உங்கள் பூட்டும் அதில் தூக்கப்படலாம். நகல் சர்வருக்கு எழுத்துகள் சற்றுப் பிந்தித்தான் போகும், அந்த இடைவெளியில் முதன்மை சர்வர் விழுந்தால் எழுதிய சாவி தொலையும்.

படத்தின் சிறு பதிப்பை உருவாக்குவது, கேஷைப் புதுப்பிப்பது மாதிரி வேலைகளுக்கு ரெடிஸ் பூட்டு நன்றாகவே போதும், எப்போதாவது இரண்டு தடவை நடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பணத்துக்கு இதை மட்டும் நம்பக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடையாளத்தைப் பணம் இருக்கும் இடத்திலேயே வைப்பது

வாலட் போஸ்ட்கிரஸில் இருக்கிறது என்றால் "இந்த வேலை முடிந்தது" என்பதையும் அங்கேயே, அதே டிரான்ஸாக்ஷனில் எழுதலாம். `task_key` முதன்மைச் சாவியாக இருக்கும் ஒரு சின்ன அட்டவணை போதும்:

```sql
BEGIN;
INSERT INTO processed_tasks (task_key)
VALUES ('refund:R-5567')
ON CONFLICT DO NOTHING;
-- 0 வரிசை என்றால் இங்கேயே ROLLBACK
UPDATE wallets SET balance = balance + 1200
WHERE user_id = 318;
COMMIT;
```

மூன்று வகையையும் இதில் ஓட்டிப் பாருங்கள். கமிட்டுக்கு முன்னால் செத்தால் இரண்டு எழுத்துமே இல்லாமல் போகும், திரும்ப வரும் மெசேஜ் புதிதாக வேலையைச் செய்யும். கமிட்டுக்குப் பின், மெசேஜை அழிப்பதற்கு முன் செத்தால், அடுத்த தடவை இன்சர்ட் 0 வரிசை என்று சொல்லும், பணத்தைத் தொடாமல் மெசேஜை அழித்துவிடலாம். இரண்டு வொர்க்கர் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டாவதின் இன்சர்ட் முதலாவது முடியும்வரை காத்திருக்கும்; முதலாவது கமிட் ஆனால் 0 வரிசை, ரோல்பேக் ஆனால் இரண்டாவது தானே எழுதிக்கொண்டு தொடரும். தனியாகப் பூட்டுப் போடும் வேலையே இல்லை.

ரீஃபண்டுக்கென்று ஏற்கெனவே ஒரு அட்டவணை இருந்தால் நான் இன்னும் எளியதைத்தான் தேர்ந்தெடுப்பேன்:

```sql
UPDATE refunds SET status = 'done'
WHERE id = 'R-5567' AND status = 'pending';
```

ஒரு வரிசை மாறியது என்றால் அதே டிரான்ஸாக்ஷனில் வாலட்டைக் கூட்டு, 0 என்றால் விடு. பலமும் அதே, தனி அட்டவணையும் அதைக் காலி செய்யும் வேலையும் மிச்சம். ஆனால் நிலையை முதலில் `SELECT` செய்து, கோடில் `if` போட்டுப் பார்த்து, அப்புறம் `UPDATE` என்று எழுதினால் இந்தப் பாதுகாப்பு முழுசாகப் போய்விடும். இரண்டு வொர்க்கரும் `pending` என்று படித்துவிட்டு இரண்டுமே கூட்டும். நிபந்தனை `WHERE`க்குள் இருக்க வேண்டும்.

அனுப்பியவரே இரண்டு தடவை அனுப்பும் மூன்றாவது வகையைத் தடுப்பது சாவி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. க்யூ கொடுக்கும் மெசேஜ் எண்ணைச் சாவியாக வைத்தால் மறுபடி கொடுக்கப்படும் மெசேஜ் பிடிபடும், மறுபடி அனுப்பப்பட்டது பிடிபடாது, அதற்கு வேறு எண் கிடைத்திருக்கும். ஆர்டர் எண்ணை வைத்தால் ஒரே ஆர்டரில் இரண்டு பொருளுக்குத் தனித்தனியாகக் கொடுக்கும் ரீஃபண்டில் இரண்டாவது மறுக்கப்படும். ரீஃபண்ட் கொடுப்பது என்று முடிவான கணத்தில் உருவாகும் R-5567 தான் சரியான சாவி, அது மெசேஜோடு பயணம் செய்ய வேண்டும். வொர்க்கர் தானே ஒரு எண்ணை உருவாக்கிக்கொண்டால் ஒவ்வொரு முயற்சியும் புதுசாகத் தெரியும்.

இன்னொன்று, 0 வரிசை என்பதைப் பிழையாக எறியாதீர்கள். எறிந்தால் மெசேஜ் அழியாது, திரும்பத் திரும்ப வந்து கடைசியில் தோல்வி மெசேஜ்களுக்கான க்யூவில் போய் உட்காரும், ஒரு பிரச்சினையும் இல்லாத ரீஃபண்டை யாரோ கையால் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். அது வெற்றி, ஒரு லாக் வரி போதும். அந்த வரியில் எஸ்க்யூஎஸ் தரும் `ApproximateReceiveCount` மதிப்பையும் சேர்த்து எழுதுங்கள். 1க்கு மேல் இருந்தால் க்யூ திரும்பக் கொடுத்திருக்கிறது, முதலில் மறைவு நேரம் போதுமா என்று பாருங்கள். 1 ஆக இருந்தும் 0 வரிசை என்றால் பெரும்பாலும் அனுப்பும் பக்கம்தான் இரண்டு தடவை அனுப்புகிறது.

பணம் வெளியே போகும்போது

டேட்டாபேஸ் வழி தோற்கும் இடம் ஒன்று உண்டு. ரீஃபண்ட் வாலட்டுக்கு இல்லாமல் கார்டுக்குப் போக வேண்டும் என்றால் பேமென்ட் கேட்வேயைக் கூப்பிட வேண்டும், அதை உங்கள் டிரான்ஸாக்ஷனுக்குள் கட்ட முடியாது. டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்தபடியே கூப்பிட்டால், பணம் போனபின் கமிட் தோற்றால் அடையாளம் மட்டும் அழிந்துவிடும்.

இங்கே சாவியை வெளியே கொண்டுபோவதுதான் வழி. முதலில் `sending` என்று நிலையை மாற்றி கமிட் செய்யுங்கள், பிறகு கேட்வேயைக் கூப்பிடுங்கள், பதில் வந்ததும் `done`. ஸ்ட்ரைப் போன்றவை `Idempotency-Key` என்ற தலைப்பை ஏற்கின்றன, அதில் R-5567 ஐ அனுப்பினால், நடுவில் செத்து மறுபடி கூப்பிட்டாலும் புதிதாகப் பணம் போகாது, முதல் தடவை தந்த பதிலே திரும்ப வரும். `sending` நிலையில் இருப்பதை "முடிந்தது" என்று தாண்டிவிடக்கூடாது, அதே சாவியோடு மறுபடி கூப்பிட வேண்டும். ரெடிஸில் முன்னால் எழுதும்போது வந்த பணம் தொலையும் சிக்கல் இங்கே இப்படித்தான் தவிர்க்கப்படுகிறது.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். ஸ்ட்ரைப் இந்தச் சாவிகளைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கும், அதற்குப் பிறகு அழிக்கலாம். எஸ்க்யூஎஸ் மெசேஜ்களோ மாற்றாமல் விட்டாலே 4 நாள் இருக்கும், 14 நாள்வரை நீட்டலாம். வெள்ளிக்கிழமை தோல்வி க்யூவில் விழுந்ததைத் திங்கட்கிழமை யாரோ எடுத்து மறுபடி ஓட விட்டால், அதற்குள் கேட்வே அந்தச் சாவியை மறந்திருக்கலாம். அதனால் `sending` நிலையில் ஒரு நாள் தாண்டியதை நேராகக் கூப்பிடாதீர்கள். முதல் தடவை கூப்பிடும்போதே ரீஃபண்டின் மெட்டாடேட்டாவில் R-5567 ஐப் போட்டு வையுங்கள், பழையதைக் கையில் எடுக்கும்போது அந்தப் பணம் செலுத்தலுக்கான ரீஃபண்ட் பட்டியலை வாங்கி, அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லை என்றால் மட்டும் புதிதாக அனுப்புங்கள்.