மூடி திறந்தால் மோட்டாரை யார் நிறுத்துவது: மூரா, மீலியா?

வாஷிங் மெஷின் சுழற்றல் நிலையில் இருக்கிறது. யாரோ மூடியைத் திறக்கிறார். மெஷினின் கட்டுப்பாட்டை நிலைகளாகப் பிரித்து எழுதும் state machine-இன் இரு வகைகளான மூர், மீலி இரண்டும் பிரிவது இந்த இடத்தில்தான்.

மீலியில் வெளியீடு, நிலையோடு உள்ளீட்டையும் பார்க்கும்:

```
motor = (state == SPIN) && lid_closed;
```

மூடி திறந்த அதே கணத்தில் மோட்டார் அணையும், தனி நிலை தேவையில்லை. ஆனால் மூடி ஸ்விட்ச் ஒரே தட்டில் ஒட்டாது. சில மில்லிசெகண்ட் துள்ளும், ரிலேயும் கூடவே படபடக்கும். அதைவிட மோசம், மூடியை மூடியதுமே டிரம் தானாகச் சுழல ஆரம்பிக்கும். ஓரமாகக் கிடக்கும் துணியை எடுக்க மறுபடி திறப்பதற்குள் வேகம் பிடித்துவிடும்.

மூரில் வெளியீடு நிலையை மட்டும் பார்க்கும். அதனால் `PAUSE` என்று ஒரு நிலை சேர்க்கிறோம்: மூடி திறந்தால் அங்கே போ, மூடியிருக்கும்போது ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் திரும்பு. நிலை மாற அடுத்த கடிகாரத் துடிப்பு வரை காத்திருக்க வேண்டும். துடிப்பு 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்றால் தாமதம் அவ்வளவுதான். டிரம் நிற்கவே சில நொடிகள் ஆகும், அப்புறம் இது ஒரு கணக்கா?

என் ஓட்டு மூருக்கு. ஒரு தொல்லை உண்டு: நீர் நிரப்பலில் நிறுத்தினோமா, சுழற்றலிலா என்பதை `PAUSE` நினைவில் வைக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி நிறுத்த நிலை வரைய வேண்டும்.